ஒத்துக்கொண்ட ரேட்டுக்கு இனிமேல் கட்டாது: பெரிய கம்பெனியிடம் ரேட் ரிவிஷன் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீஓ-ல, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர்ல, ஒரு வருஷத்துக்கு ரேட் மாறாதுன்னு போட்டிருக்கு. நடுவுல ஏத்திக் கேக்க முடியுமா சார்?

தாராளமாகக் கேட்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவே, இரண்டு தரப்பும் சம்மதித்தால் பழைய ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அந்தச் சம்மதம் வரும்வரை பழைய ரேட்தான் செல்லும். இரும்பு விலை ஏறிவிட்டது, அதனால் பீஓ இனி என்னைக் கட்டுப்படுத்தாது என்று சொல்ல முடியாது. அலோபி பர்ஷாத் வழக்கில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விலை எதிர்பாராத அளவுக்கு ஏறியது என்பதற்காக மட்டும் ஒருவர் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள முடியாது. ஆகவே நீங்கள் வைப்பது கோரிக்கை. கடிதத்தின் தொனி அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

கேட்பதற்கு முன் பீஓ-வை எடுத்து, பின்பக்கப் பொடி எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். ரேட் எந்தத் தேதிவரை, மூலப்பொருள் விலைக்குத் தனி ஷரத்து இருக்கிறதா, விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தருவது ஓப்பன் பீஓ. அதில் ரேட் இருக்கும், எண்ணிக்கை இருக்காது. எண்ணிக்கை மாதா மாதம் ஷெட்யூலில் வரும். நீங்கள் ஏற்றுக்கொண்ட ஷெட்யூலை அந்த ரேட்டுக்கே கொடுத்து முடிக்க வேண்டும். இன்னும் ஏற்காத ஷெட்யூலில்தான் உங்களுக்குப் பேச இடம் இருக்கிறது. பீஓ-வில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்த எழுத்துதான் முதலில்.

எவ்வளவு கேக்கறதுன்னே புரியல. மொத்தமா 15 பர்சென்ட்னு போட்டுடலாமா?

வேண்டாம். மொத்தமாகச் சதவீதம் கேட்டால் மொத்தமாகச் சதவீதத்தில்தான் குறைப்பார்கள். 15 என்றால் 5 என்பார்கள், 7-இல் முடியும். அந்த 7 எதை ஈடுகட்டுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அடுத்த தடவை விலை ஏறும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரு பீஸுக்கு என்ன ஆகிறது என்று பிரித்துப் போடுங்கள். வியாசர்பாடியில் நாலு பவர் பிரஸ் வைத்திருக்கும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஒரகடம் பக்கத்துப் பெரிய கம்பெனிக்கு மாதம் 20,000 பிராக்கெட் போகிறது. பீஓ ரேட் 41 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஷீட்டில் ஒரு பீஸுக்கு எடுக்கும் எடை 500 கிராம், முடிந்த பீஸ் 380 கிராம், மீதி 120 கிராம் ஸ்க்ராப். நாலு ஆபரேஷன், பிறகு ஜிங்க் பிளேட்டிங். எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை; உங்கள் பில்லில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

| | பீஓ போட்டபோது (ரூ.) | இப்போது (ரூ.) |
|---|---|---|
| ஷீட், 500 கிராம் (கிலோ 60, இப்போது 67) | 30.00 | 33.50 |
| கழிக்க வேண்டிய ஸ்க்ராப், 120 கிராம் (கிலோ 30, இப்போது 32) | 3.60 | 3.84 |
| பிரஸ் வேலை, 4 ஆபரேஷன் | 3.60 | 4.20 |
| பிளேட்டிங், 380 கிராம் (கிலோ 14, இப்போது 16.50) | 5.32 | 6.27 |
| பேக்கிங், வண்டி | 1.10 | 1.30 |
| கைச்செலவு மொத்தம் | 36.42 | 41.43 |
| வாடகை, வட்டி, சூப்பர்வைசர், லாபம் | 4.58 | 4.58 |
| ரேட் | 41.00 | 46.01 |

இந்த அட்டவணையைப் போட்ட பிறகுதான் நிலைமை கண்ணில் படும். கைச்செலவே 41.43 ஆகிவிட்டது, வருவது 41. ஒரு பீஸ் கொடுத்தால் 43 பைசா கையை விட்டுப் போகிறது. மாதம் 8,600 ரூபாய். வாடகை, வட்டி, உங்கள் சம்பளம் எதுவும் இதில் சேரவில்லை. ஷெட்யூல் ஏற ஏற நஷ்டம் கூடும். ஆர்டர் நிறைய வருகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே பேங்கில் வாங்கிய சிசி கடன் கணக்கு வரம்பை முட்டுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வாடகை, லாபம் உள்ள வரிசையை நான் வேண்டுமென்றே தொடவில்லை. லாபத்தைச் சதவீதமாக வைத்தால் இரும்பு ஏறும்போது லாபமும் ஏறும். பர்ச்சேஸ்காரர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். அதை ரூபாயில் பழைய அளவிலேயே நிறுத்தினால், கேட்கும் 5.01 ரூபாயும் வெளியிலிருந்து வந்த ஏற்றம் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். அதில் 3.26 இரும்பு மட்டுமே.

இப்படிப் பிரிச்சுக் குடுத்தா நம்ம லாபம் அவங்களுக்குத் தெரிஞ்சிடாதா?

தெரியும். ஆனால் பெரிய கம்பெனியில் காஸ்டிங் பிரிவு ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். டிராயிங்கிலிருந்து எடை, எத்தனை டன் பிரஸ், எத்தனை ஸ்ட்ரோக் எல்லாம் அவர்களிடம் உண்டு. பீஓ வாங்கும்போது நீங்களே ஒரு பிரேக்-அப் ஷீட் கொடுத்திருக்கவும் கூடும்; இப்போது தருவது அதோடு பொருந்த வேண்டும். அன்று 500 கிராம் என்று எழுதிவிட்டு இன்று 530 என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஷீட்டில் லேஅவுட் சரியில்லாமல் உங்களுக்கு நிஜமாகவே 530 ஆகிறது என்றால், அது உங்கள் ஷாப்பில் சரிசெய்ய வேண்டிய விஷயம். இந்தக் கடிதத்தில் அதை நுழைக்காதீர்கள்.

கணக்கின் நம்பகத்தன்மை கெடுவது வழக்கமாக இரண்டு இடத்தில். ஒன்று, ஸ்க்ராப்பைக் கழிக்காமல் விடுவது. எதிரில் இருப்பவர் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், பிறகு மற்ற எண்களையும் நம்பமாட்டார். இன்னொன்று, ஷீட்டை ஜிஎஸ்டியோடு சேர்த்த விலையில் போடுவது. அந்த வரி உங்களுக்கு இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வருகிறது, அதனால் வரிக்கு முந்தைய விலைதான் செலவு.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டீலரிடம் வாங்குகிறவருக்கு வேறொரு சிக்கல். ஒன்று இரண்டு டன் எடுக்கும்போது வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, டீலர் மார்ஜின் எல்லாம் சேர்ந்திருக்கும். கம்பெனி கையில் வைத்திருப்பது மில் விலை. 'எங்கள் ரெக்கார்டில் கிலோ 61 தானே' என்பார்கள். அந்த விலை மட்டத்தைப் பற்றி வாதாடாதீர்கள். பீஓ போட்ட மாதத்து டீலர் பில், இந்த மாதத்து டீலர் பில், இரண்டும் ஒரே கிரேடு, ஒரே தடிமன், அதே டீலர் என்றால் இன்னும் நல்லது. வித்தியாசம் கிலோவுக்கு 7 ரூபாய். மில் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருக்கும். ஏற்றத்தில் இரண்டு பேரும் சுலபமாக ஒத்துப்போகலாம்.

கரண்ட் பில் ஏறினதையும் காட்டலாமா?

காட்டலாம், முதல் காரணமாக வைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ஒரு பெரிய உயர்வு, அதன் பிறகு 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் என்று மின்கட்டணம் ஏறியது உண்மை. ஆனால் பிரஸ் வேலையில் ஒரு பீஸுக்கு மின்சாரம் 40 பைசா என்றால், 3.16 சதவீதம் ஒரு பைசாவைத் தாண்டிக் கொஞ்சம்தான். மேலே உள்ள கணக்கில் ஒரு ஆபரேஷன் 90 பைசாவிலிருந்து 1.05 ஆனதற்குப் பெரிய காரணம் கூலி. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-லும் மாறுகிறது. அந்த அறிவிப்பையும் இரண்டு மாத மஸ்டர் ரோலையும் இணைத்தால் போதும். உருக்குதல், ஹீட் ட்ரீட்மென்ட் போன்ற வேலை என்றால் கதை வேறு. அங்கே மின்சாரம் பெரிய செலவு.

பையர் நல்லாப் பழக்கம். போன்ல சொன்னாப் போதாதா?

போனில் முதலில் சொல்லுங்கள், மரியாதைக்காக. 'சார், ரேட் விஷயமா ஒரு லெட்டர் அனுப்பறேன், பார்த்துட்டு ஒரு டைம் குடுங்க' என்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணைப் போனில் சொல்ல வேண்டாம். சொன்ன எண் பையர் வாயிலேயே பாதியாகி மேலே போகும்.

பையருக்கு ரேட்டை ஏற்றும் அதிகாரம் கிடையாது. அவர் காஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டும், காஸ்டிங் சரிபார்க்க வேண்டும், பர்ச்சேஸ் ஹெட் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு சிஸ்டத்தில் பீஓ அமெண்ட்மெண்ட் ஏற வேண்டும். உங்களிடமிருந்து காகிதம் போகாமல் இந்தச் சக்கரத்தில் எதுவும் நகராது. நீங்கள் அனுப்பும் ஷீட்டை அவர் அப்படியே தன் மேலதிகாரிக்கு ஃபார்வர்டு பண்ணும்படி இருக்க வேண்டும். அவர் உங்களுக்காக வாதாடும் நிலையில் இருக்கிறார். வாதத்தை அவர் கையில் கொடுங்கள்.

அமெண்ட்மெண்ட் வராமல் புது ரேட்டில் இன்வாய்ஸ் போட்டுவிடாதீர்கள். பீஓ ரேட்டும் இன்வாய்ஸ் ரேட்டும் ஒத்துப்போகாவிட்டால் பில் அக்கவுண்ட்ஸில் நின்றுவிடும். ஐந்து ரூபாய் கேட்கப்போய் 46 ரூபாயும் முடங்கும்.

லெட்டர் எப்படி எழுதறது? ஒரு மாதிரி குடுங்களேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் இதே வரிசையில் எழுதுங்கள்.

> பர்ச்சேஸ் மேனேஜர் அவர்களுக்கு,
>
> பொருள்: பிராக்கெட் ரேட் மாற்றக் கோரிக்கை, அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல்
>
> ஐயா,
>
> தங்கள் பீஓ-வின்படி மேற்கண்ட பிராக்கெட்டை 41.00 ரூபாய்க்கு மாதம் சுமார் 20,000 வீதம் அனுப்பி வருகிறோம். பீஓ போட்ட பிறகு ஷீட் கிலோவுக்கு 7 ரூபாயும், பிளேட்டிங் கிலோவுக்கு 2.50 ரூபாயும் ஏறியுள்ளன. கூலியும் வண்டிச் செலவும் கூடியுள்ளன. இப்போது ஒரு பீஸின் நேரடிச் செலவே 41.43 ரூபாய். ஆகவே இந்த ரேட்டில் எங்களால் தொடர இயலவில்லை.
>
> புதிய ரேட்டாக 46.01 ரூபாயை முன்வைக்கிறோம். எங்கள் நிர்வாகச் செலவையும் லாபத்தையும் பழைய அளவிலேயே வைத்துள்ளோம். கணக்கும் பில் நகல்களும் இணைப்பில் உள்ளன.
>
> இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரும்பு விலை மாற்றத்தை மட்டும் கீழ்க்கண்டவாறு சரிசெய்யலாம் என்பது எங்கள் கோரிக்கை. விலை இறங்கினால் ரேட்டும் அதே கணக்கில் இறங்கும்.
>
> ரேட் மாற்றம் = (0.500 × ஷீட் விலை மாற்றம்) − (0.120 × ஸ்க்ராப் விலை மாற்றம்)
>
> ஏற்றுக்கொண்ட இந்த மாத ஷெட்யூல் முழுவதையும் பழைய ரேட்டிலேயே அனுப்பிவிடுவோம். வரும் 15-ஆம் தேதிக்குள் நேரில் பேச ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

'தொடர இயலவில்லை' என்ற வரியை மென்மையாக்காதீர்கள். 'சற்றுச் சிரமமாக உள்ளது' என்று எழுதினால், சிரமப்பட்டுக்கொண்டே இன்னும் ஒரு வருஷம் தருவீர்கள் என்று அர்த்தமாகும். அதே சமயம் இந்த மாத ஷெட்யூலைத் தருவோம் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். அது இருந்தால்தான் பையர் பயப்படாமல் கடிதத்தை மேலே அனுப்புவார்.

ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள்: 7 ரூபாயில் பாதி 3.50, அதில் ஸ்க்ராப் ஏறிய 2 ரூபாய்க்கு 24 பைசா கழித்தால் 3.26. அட்டவணையில் வந்த அதே எண்.

சப்ளையை நிறுத்திடுவோம்னு சொன்னா சீக்கிரம் முடியாதா?

முடியலாம். ஆனால் ஒரு பிராக்கெட் இல்லாமல் அவர்களுடைய அசெம்பிளி லைன் நின்றால், அதன் செலவை உங்கள் பெயரில் டெபிட் நோட்டாகப் போட பீஓ-வில் பெரும்பாலும் ஷரத்து இருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவின்படி நஷ்டஈடும் கேட்கலாம். ஒரு நாள் லைன் நின்ற செலவு உங்கள் ஒரு மாத பில்லைத் தாண்டிவிடும். பிரஸ் டூல் அவர்கள் பணத்தில் செய்ததென்றால், வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு பேச எதுவும் மிஞ்சாது.

இன்னொரு விதமாகவும் இது ஆபத்து. எண்ணூர், மணலிச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று உங்கள் வண்டி நிஜமாகவே தாமதமானால்கூட, மிரட்டிய பிறகு அது வேண்டுமென்றே செய்ததாகத்தான் பதிவாகும்.

3 பர்சென்ட்தான் தர முடியும்னு கட் அண்ட் ரைட்டா சொல்லிட்டாங்க. இப்ப என்ன பண்ண?

3 சதவீதம் என்றால் 42.23 ரூபாய். இதற்குப் பதில் சொல்ல, உள்ளே போகும் முன்பே உங்கள் அடிமட்ட ரேட் தெரிந்திருக்க வேண்டும். 4.58 ரூபாயில் வாடகை, கடன் வட்டி, சூப்பர்வைசர் சம்பளம் 3.10, மீதி 1.48 லாபம் என்று வைத்துக்கொள்வோம். 41.43-உடன் 3.10 சேர்த்தால் 44.53. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் உங்கள் பணத்தைப் போட்டு அவர்களுக்கு பிராக்கெட் செய்துகொடுக்கிறீர்கள். 42.23-க்கு அந்த இடத்திலேயே 'இல்லை சார்' என்று சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுப்பதில் பயனில்லை.

பல சமயம் பையருக்கு ரேட்டைத் தொடத்தான் அனுமதி இருக்காது. மற்றவற்றைத் தொட முடியும். 60 நாளில் வரும் பணம் 30 நாளில் வந்தால் என்ன லாபம் என்று கணக்கிடுங்கள். 44.60 ரேட்டில் முடிந்தால் மாத பில் 8.92 லட்சம்; சிசி வட்டி 11 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி கிட்டத்தட்ட 8,177 ரூபாய். பீஸுக்கு 41 பைசா. 44.60 ரேட்டும் 30 நாள் பேமெண்ட்டும் கிடைத்தால் அது உங்களுக்கு 45.01-க்குச் சமம். உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டத்தின் 15-ஆவது பிரிவே சொல்கிறது. குறு, சிறு யூனிட்டுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தரும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமானவரி விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்திருக்கிறது. அவர்களுடைய ஃபைனான்ஸ்காரருக்கு இது நன்றாகத் தெரியும். உத்யம் சான்றிதழை இணைப்பில் வைத்தால் போதும், மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பிடித்த இன்னொரு வழி, ஷீட்டை அவர்களையே வாங்கித் தரச் சொல்வது. மில்லில் மொத்தமாக வாங்குவதால் அவர்களுக்கு விலை குறைவு. நீங்கள் ஜாப் வொர்க் சலானில் வாங்கி, பிரஸ் அடித்து, பிளேட்டிங் போட்டு அனுப்பலாம். இரும்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களைத் தொடாது, முதலீடும் குறையும். ஆனால் ஸ்க்ராப் யாருக்கு, கழிவு எத்தனை சதவீதம்வரை அனுமதி, ரிஜெக்ட் ஆன பீஸின் இரும்புக்கு யார் பணம் என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் வருஷக் கடைசியில் ஸ்டாக் கணக்குப் பார்க்கும்போது சிக்கல் வரும்.

ரேட்டை ஒத்துக்கிட்டாங்க, ஆனா அமெண்ட்மெண்ட் ரெண்டு மாசம் லேட்டாச்சு. இடைப்பட்ட சரக்குக்கு?

அமலுக்கு வரும் தேதி முந்தையது என்று அமெண்ட்மெண்ட்டில் எழுதியிருந்தால், அந்த இன்வாய்ஸ்களுக்கு வித்தியாசத் தொகைக்கு ஜிஎஸ்டியோடு நீங்கள் டெபிட் நோட் போடலாம். தேதி எழுதவில்லை என்றால் கிடைப்பது கடினம். ஆகவே ரேட் முடிவான அன்றே, 'இன்று பேசியபடி 44.60, 1-ஆம் தேதி முதல்' என்று ஒரு மெயில் போட்டு, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் நடக்கல. விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். எப்படி விலகறது?

பீஓ-வில் உள்ள நோட்டீஸ் நாளைக் கணக்கிட்டு எழுத்தில் கொடுங்கள். வேறு சப்ளையரிடம் டூல் போய், சாம்பிள் பீஸ் அப்ரூவல் ஆக அவர்களுக்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளிக்கு எத்தனை பீஸ் முன்கூட்டியே செய்து தருவீர்கள், எந்த ரேட்டுக்கு என்று கடிதத்திலேயே சொல்லுங்கள். இந்தக் கடைசி லாட்டுக்குப் புது ரேட் கேட்பதில் தப்பில்லை. பல இடத்தில் ரிவிஷன் கிடைப்பதே இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் புது சப்ளையர் தரும் கொட்டேஷனும் 46 பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

டூலைக் கொடுக்கும் முன் கடைசியாக அடித்த பீஸை அவர்கள் குவாலிட்டி ஆளை வைத்து அளந்து கையெழுத்து வாங்குங்கள். பிறகு டூல் கெட்டிருந்தது என்று பேச்சு வராது. பாக்கி இன்வாய்ஸ் பட்டியலையும் அதே நாளில் அக்கவுண்ட்ஸில் உறுதி செய்து வாங்குங்கள். டூலைக் கொடுக்கமாட்டேன் என்று பிடித்து வைத்தால், அதையே சாக்காக வைத்து பாக்கியை நிறுத்துவார்கள். பாக்கி வராவிட்டால் எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் பதிந்து, மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம். அங்கே கேட்க முடிவது வரவேண்டிய பணமும் வட்டியும்தான். 41 ரூபாயை 46 ஆக்க அந்தக் கவுன்சிலால் முடியாது.